கேட் ரிவ்யூவுக்கு முதல் முறை போகிறீர்களா? டூலிங் பணம் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கோவையில் ஒரு பம்ப் நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருந்த என்னை, ஒரு நாள் புதிய மாடலுக்கு ப்ராஜெக்ட் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பம்ப், அதாவது கிணற்றிலும் தரைத்தொட்டியிலும் படுக்கவைத்து ஓட்டுவது. 1 எச்.பி., 1.5 எச்.பி. என்று இரண்டு அளவு. பம்பைப் பற்றி எனக்குத் தெரியும். ஸ்டீரிங் கமிட்டி முன்னால் போய் நின்று அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்பது எப்படி என்பது தெரியாது. சொல்லித்தரவும் ஆள் இல்லை.

ஒரு கட்டம் முடிந்ததும், அடுத்த கட்டத்துக்குப் பணம் தரலாமா, திட்டத்தை நிறுத்தலாமா என்று அந்தக் குழு முடிவெடுக்கும் கூட்டம்தான் கேட் ரிவ்யூ. முதல் கேட் ரிவ்யூவுக்கு 46 ஸ்லைடு தயாரித்தேன். ஒரு மணி நேரக் கூட்டத்தில் 35 நிமிடம் இம்பெல்லர் வடிவத்தைப் பற்றியே பேசினேன். நிர்வாக இயக்குநர் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மினிட்ஸில் "நல்ல முன்னேற்றம், தொடர்ந்து செய்யவும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு வார்ப்புக்கான பேட்டர்ன் செய்பவருக்குப் போன் போட்டுவிட்டோம். ஐந்து வாரம் கழித்துக் கேசிங் வடிவம் மாறியது. அதுவரை செய்த பேட்டர்ன் 1,20,000 ரூபாய். அது தண்டம்தான்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, என்னைப் போலப் புதிதாக வருபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் பம்பாக இருந்தாலும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாசா இதைக் கீ டிசிஷன் பாயின்ட் என்று சொல்கிறது, பிரிட்டன் அரசு கேட்வே ரிவ்யூ என்று சொல்கிறது. எங்கள் ஊரில் வெறும் கேட்.

1. பணம் எங்கே தாவுகிறது என்று பார்த்துக் கட்டங்களைப் பிரியுங்கள்

புதிதாக வருபவர்கள் கட்டங்களைத் துறைவாரியாகப் பிரிப்பார்கள். வடிவமைப்பு முடிந்தால் ஒரு கட்டம், கொள்முதல் முடிந்தால் இன்னொன்று என்று. அப்படிச் செய்தால் கேட்டில் முடிவு செய்ய ஒன்றும் இருக்காது, வெறும் வேலை அறிக்கையாகிவிடும். எங்கே செலவு திடீரென்று ஏறுகிறதோ, எங்கே போனால் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாதோ, அதற்கு முந்தைய நாளில் கேட் வர வேண்டும்.

எங்கள் பம்ப் திட்டத்தின் கணக்கு இது. சாத்தியம் பார்க்கும் கட்டத்துக்கு 60,000 ரூபாய். வடிவமைப்புக்கு 2.4 லட்சம். இரண்டு அளவிலும் மும்மூன்று முன்மாதிரி செய்து ஓட்டிப் பார்க்க 3.8 லட்சம். அப்புறம் டூலிங், அதாவது வார்ப்புக்கான பேட்டர்ன், கோர் பாக்ஸ், இம்பெல்லர் மோல்டு, மெஷினிங்குக்கான ஜிக்: 1 எச்.பி.க்கு 14 லட்சம், 1.5 எச்.பி.க்கு 11 லட்சம். கடைசியாக பைலட் லாட், அதாவது நிஜ லைனில் முதன்முதலாகக் கட்டிப் பார்க்கும் சிறு தொகுதி, அதுவும் சான்றிதழ்ச் சோதனையும் சேர்த்து 4.5 லட்சம்.

கூட்டினால் 36.3 லட்சம். இதில் டூலிங் மட்டும் 25 லட்சம், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். முதல் மூன்று கட்டத்தையும் சேர்த்தால் 6.8 லட்சம்தான். ஆக இந்தத் திட்டத்தின் உயிரான கேட் எது என்றால் டூலிங் ஆர்டர் போடுவதற்கு முந்தையதுதான். மற்றவற்றை அரை மணி நேரத்தில் முடிக்கலாம். இதற்கு மட்டும் ஒரு மாதம் முன்பிருந்தே தயாராக வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

உங்கள் திட்டத்தில் டூலிங்குக்குப் பதில் வேறொன்று இருக்கும். மென்பொருள் மாற்றுகிறீர்கள் என்றால் லைசன்ஸ் ஒப்பந்தம், கட்டடம் என்றால் அஸ்திவார வேலை. ஒரு தாளில் கட்டவாரியாகச் செலவை எழுதிப் பாருங்கள், தாவுகிற இடம் கண்ணில் படும்.

2. முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர்கள் மட்டும் குழுவில் இருக்கட்டும்

எங்கள் முதல் கூட்டத்தில் 13 பேர் உட்கார்ந்திருந்தார்கள். பணத்துக்குக் கையெழுத்துப் போடும் நிதி மேலாளர் அதில் இல்லை. இப்போது ஐந்து பேர்: நிர்வாக இயக்குநர், நிதி, விற்பனை, உற்பத்தி, சர்வீஸ். இவர்களில் யாராவது வர முடியாவிட்டால், அவர் பேரில் முடிவு சொல்ல ஒருவரை முன்கூட்டியே எழுத்தில் நியமிக்க வேண்டும். "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்பவரை அனுப்பினால் அந்தக் கேட் நடந்ததாகவே கணக்கில்லை.

சர்வீஸ் பொறுப்பாளரைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. சேருங்கள். விற்ற பிறகு பம்ப் பழுதானால் கிணற்றடியில் போய் நிற்பவர் அவர்தான். அவர் கேட்கும் கேள்வி வேறு யாருக்கும் தோன்றாது. அதைக் கீழே சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் பொறுப்பாளரான நீங்கள் குழு உறுப்பினர் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். தகவல் தருவது உங்கள் வேலை, பரிந்துரை செய்வதும் உங்கள் வேலை. முடிவு அவர்களுடையது.

3. நிறுத்தக் கோட்டை முந்தைய கேட்டிலேயே எழுதி வாங்குங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அடுத்த கேட்டுக்கு வரும்போது எந்த எண் எதற்குக் கீழே இருந்தால் திட்டத்தை நிறுத்துவோம் என்பதை, இந்தக் கேட்டிலேயே எழுதிக் குழுவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் அதை நிறுத்தக் கோடு என்கிறோம்.

ஏன் முன்கூட்டியே? முன்மாதிரி ஓடி, டீலர்களிடம் பேசி, எல்லோரும் ஆசை வைத்த பிறகு கோடு போட்டால், கையில் வந்த எண்ணுக்கு ஏற்ற மாதிரிதான் கோடு விழும். இதை நானே செய்திருக்கிறேன். முடிவு தெரியாத நேரத்தில் போட்ட கோடுதான் நேர்மையாக இருக்கும்.

வடிவமைப்புக் கேட்டில் நாங்கள் எழுதி வாங்கிய கோடுகள் மூன்றே மூன்று:

முதலாவது நீர். 1 எச்.பி. மாடல், 18 மீட்டர் ஹெட்டில், அதாவது அந்த உயரத்துக்குத் தூக்கும்போது, நொடிக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தர வேண்டும்.

இரண்டாவது, குறைந்த வோல்டேஜில் ஸ்டார்ட் ஆவது. 180 வோல்டில், ஒவ்வொரு முன்மாதிரியும் தொடர்ந்து 10 முறை ஸ்டார்ட் ஆக வேண்டும். கிராமத்து லைனில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், அப்போதுதான் வீட்டில் மோட்டாரைப் போடுவார்கள்.

மூன்றாவது பணம். இனிமேல் போடப்போகும் முதலீடு, விற்பனை தொடங்கி 15 மாதத்துக்குள் திரும்பி வர வேண்டும்.

மூன்றாவதை மாதக் கணக்கிலேயே விட்டுவிடாதீர்கள். விற்பனைப் பிரிவுக்குப் புரிகிற எண்ணாக மாற்றுங்கள். 1.5 எச்.பி.க்கு இனி ஆகும் செலவு டூலிங் 11 லட்சம், பைலட் லாட் பங்கு 2 லட்சம், மொத்தம் 13 லட்சம். ஒரு பம்பில் பொருள் செலவும் டீலர் கமிஷனும் போக நிற்பது 700 ரூபாய். 15 மாதத்தில் 13 லட்சம் வர வேண்டும் என்றால் ஆண்டுக்குச் சுமார் 1,500 பம்ப் விற்க வேண்டும். இதற்குக் கீழே போனால் நிறுத்தம். "15 மாதம்" என்றபோது தலையாட்டிய விற்பனைத் தலைவர், "ஆண்டுக்கு 1,500" என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

கோடுகள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். இருபது வைத்தால் பதினெட்டு பாஸ் என்று காட்டித் தப்பிக்கலாம், தோற்ற இரண்டுதான் பம்பை எரிக்கும்.

4. தேவையான ஆவணங்கள்

ஸ்லைடுகளை விட்டுவிடுங்கள். குழுவுக்குப் போக வேண்டியது நான்கு தாள்.

முதலாவது, இரண்டு பக்க முடிவுக் குறிப்பு. முதல் வரியிலேயே கேள்வி இருக்க வேண்டும்: "1 எச்.பி. மாடலின் டூலிங்குக்கு 14 லட்சம் ரூபாய் அனுமதிக்கலாமா?" அடுத்து உங்கள் பரிந்துரை. அதற்கடுத்து நிறுத்தக் கோடும் கிடைத்த அளவும் பக்கம் பக்கமாக. மீதி இடத்தில் உங்களுக்கே சந்தேகமாக இருக்கிற இரண்டு மூன்று விஷயங்கள்.

இரண்டாவது, செலவுத் தாள். இதில் மூன்று பத்தி: இதுவரை செலவானது, ஆர்டர் கொடுத்துக் கட்டுப்பட்டது, இனி கேட்பது. நடுப் பத்தியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். பில் வரவில்லை என்பதால் செலவு ஆகவில்லை என்று நினைப்பார்கள். பி.ஓ., அதாவது கொள்முதல் ஆர்டர், கொடுத்துவிட்டால் அந்தப் பணம் பாதி போன மாதிரிதான்.

மூன்றாவது, சோதனைத் தாள். சராசரி போடாமல், ஒவ்வொரு முன்மாதிரிக்கும் தனித்தனி வரியாக மூல அளவுகள்.

நான்காவது, அடுத்த கட்டத்துக்கு மட்டும் விரிவான அட்டவணை. அதற்கப்புறம் உள்ள கட்டங்களுக்குத் தோராயம் போதும். பத்து மாதம் கழித்து எந்த வாரத்தில் பேக்கிங் பெட்டி வரும் என்று இப்போது எழுதினால் அது கற்பனைதான்.

இதையெல்லாம் தயாரிக்க எனக்கு ஆறு வேலை நாள் ஆனது. அதை அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆறு நாளும் சோதனை நேரத்திலிருந்துதான் திருடப்படும்.

5. கேட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான்கு வாரம் முன்பே ஐந்து பேரின் நேரத்தையும் பிடித்துவிடுங்கள். இரண்டு வாரம் முன்பு சோதனைகள் முடிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பு நான்கு தாளும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நடுவில் உள்ள நாட்களில் ஒவ்வொருவரையும் தனியாக 20 நிமிடம் பாருங்கள். சிபாரிசு பிடிக்கப் போவதாக நினைக்க வேண்டாம். அவருக்கு எது உறுத்துகிறது என்று கேட்கத்தான் போகிறீர்கள். நிதி மேலாளர் கேட்ட ஒரு கேள்விக்கு விடை தேட எனக்கு மூன்று நாள் ஆனது. அதைக் கூட்டத்தில் கேட்டிருந்தால் கேட் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது, கவனம். இம்பெல்லர் மோல்டு செய்ய எங்கள் சப்ளையர் 10 வாரம் கேட்டார். சீசனுக்குள் பம்ப் கடைக்கு வர வேண்டும் என்றால் கேட்டுக்கு மூன்று வாரம் முன்பே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று விற்பனைப் பக்கமிருந்து நெருக்கினார்கள். அவருடைய முறை 40 சதவீதம் அட்வான்ஸ், முதல் ட்ரையல் முடிந்ததும் 40, ஒப்புதலுக்குப் பிறகு 20. அந்த முதல் 40 போய்விட்டால் கேட் வெறும் சடங்கு. "ஏற்கெனவே கொடுத்தாச்சே" என்ற ஒரு வார்த்தை போதும், யாரும் நிறுத்தமாட்டார்கள்.

அதற்காக அவசரம் பொய் என்று சொல்லவில்லை. அதற்கும் வழி உண்டு. முந்தைய கேட்டிலேயே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய சிறு தொகையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் மோல்டு வரைபடத்துக்கு மட்டும் 40,000 ரூபாய் வாங்கினோம். ஸ்டீல் வெட்டக் கூடாது என்று பி.ஓ.விலேயே எழுதினோம். வரைபடம் முன்னமே தயாரானதால் இரண்டு வாரம் மிச்சம், கேட்டும் கேட்டாகவே இருந்தது.

6. கூட்டம் நடக்கும் நாள்

45 நிமிடம் போதும். தாளை எல்லோரும் படித்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நம்பாமல் முதல் எட்டு நிமிடம் அமைதியாகப் படிக்க விடுங்கள். பிறகு கேள்விகள். கடைசிப் பத்து நிமிடம் முடிவுக்கு மட்டும்.

முடிவு ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: தொடரலாம், நிபந்தனையோடு தொடரலாம், இந்தக் கட்டத்திலேயே திருத்திக்கொண்டு வரவும், நிறுத்திவைப்போம், மூடிவிடுவோம். "நல்ல முன்னேற்றம்" இந்தப் பட்டியலில் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், "சார், இந்த ஐந்தில் எது என்று எழுதிக்கொள்ளட்டும்?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, கேட்ட பிறகு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் டூலிங் கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1 எச்.பி. முதலில். நீர் அளவு மூன்று முன்மாதிரியிலும் 2 லிட்டருக்கு மேல், பிரச்சினை இல்லை. 180 வோல்டில் முதல் இரண்டும் பத்துக்குப் பத்து. மூன்றாவது, ஆறு முறை ஸ்டார்ட் ஆனது, நான்கு முறை உறுமிவிட்டு நின்றது. சோதனைப் பிரிவில் ஒருவர் "முப்பதுக்கு இருபத்தாறு" என்று எழுதச் சொன்னார். தனி வரியாகவே போட்டேன். சர்வீஸ் பொறுப்பாளர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்த மூணாவது பம்பு ஒரு வீட்டுக் கெணத்துல கெடந்தா, அந்தம்மாவுக்கு இருபத்தாறுன்னு சொல்ல முடியுங்களா? அவங்களுக்கு இருக்கறது ஒரே பம்புங்க."

காரணம் எங்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். இந்த வகை மோட்டாரில் ஸ்டார்ட் ஆகும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்டில் இருப்பதில் 180 வோல்டில் 61 சதவீதம்தான் மிஞ்சும். முதல் இரண்டு முன்மாதிரியும் அந்த மிச்சத்தில் தப்பின. மூன்றாவதில் தண்டைத் தாங்கும் புஷ் கொஞ்சம் இறுக்கம், அதனால் மாட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது அப்படி இறுக்கமாக வருவதும் கலந்துதான் வரும்.

குழு "திருத்திக்கொண்டு வரவும்" என்று முடிவு சொன்னது. மூன்று வாரம் கொடுத்தார்கள். கெபாசிட்டரை 20 மைக்ரோஃபாரடிலிருந்து 25க்கு உயர்த்தினோம். அத்தோடு விட முடியாது. கெபாசிட்டரைக் கூட்டினால் துணை வைண்டிங்கில் கரன்ட் ஏறும், சூடு ஏறும். அதனால் வெப்ப உயர்வுச் சோதனையை மறுபடியும் முழுதாகச் செய்ய வேண்டியிருந்தது, மூன்று வாரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. மூன்று முன்மாதிரியும் பத்துக்குப் பத்து வந்தன, சூடும் வரம்புக்குள் நின்றது. பம்புக்கு 18 ரூபாய் கூடியது. ஒரு பம்பில் நின்ற 600 ரூபாய் 582 ஆனது. ஆண்டுக்கு 5,000 பம்ப் கணக்கில் பார்த்தால், டூலிங் 14 லட்சமும் பைலட் லாட் பங்கு 2.5 லட்சமும் சேர்ந்த 16.5 லட்சம் முதலீடு திரும்பி வர ஆகும் காலம் 6.6 மாதத்திலிருந்து 6.8 மாதம் ஆனது. கோடு 15. டூலிங்குக்கு அனுமதி கிடைத்தது.

1.5 எச்.பி. கதை வேறு. பம்ப் மூன்று முன்மாதிரியிலும் நன்றாகவே ஓடியது. விழுந்தது விற்பனை எண்ணில். முதல் கேட்டில் ஆண்டுக்கு 2,400 என்று எழுதியிருந்தோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நிதி மேலாளர் கேட்டதும்தான் தேடினேன், விற்பனைக் கூட்டத்தில் ஒருவர் வாய்ச்சொல்லாகச் சொன்னது. கேட்டுக்கு முந்தைய வாரங்களில் 14 டீலர்களை நேரில் போய்ப் பார்த்தோம். "நல்லா போகுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். மாதம் எத்தனை எடுப்பீர்கள் என்று தாளில் எழுதிக் கேட்டபோது பலர் 1.5 எச்.பி. வாங்குபவர்கள் நேராக 2 எச்.பி.க்குப் போய்விடுகிறார்கள் என்றார்கள். அவர்கள் எழுதித் தந்ததைக் கூட்டி, பார்க்காத ஊர்களுக்கும் அதே கணக்கில் சேர்த்தால் ஆண்டுக்கு 900.

900 பம்ப், 700 ரூபாய், ஆக 6.3 லட்சம். 13 லட்சம் திரும்பி வர ஏறக்குறைய 25 மாதம். கோடு 15.

வடிவமைத்த பொறியாளர் என் நண்பர். "இதுவரைக்கும் போட்ட 3.4 லட்சம் வீணாப் போகுமே" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது, ஆறு மாத உழைப்பு அது. நிர்வாக இயக்குநர் பதமாகத்தான் பேசினார்: "அந்த 3.4 லட்சம் தொடர்ந்தாலும் திரும்ப வராதுப்பா, நிறுத்தினாலும் வராது. இப்ப நம்ம கையில இருக்கறது 13 லட்சம். அத இதுல போடலாமாங்கறதுதான் கேள்வி."

நீங்கள் தயாரிக்கும் செலவுத் தாளில் இதுவரை செலவானதைத் தனிப் பத்தியில் வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான். தகவலுக்காக அது இருக்கட்டும், ஆனால் முதலீடு திரும்பும் கணக்கில் அது நுழையக் கூடாது. எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு நடக்கும். நிறைய செலவாகிவிட்ட நல்ல திட்டத்தை, பழைய செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு லாபமில்லை என்று மூடிவிடுவார்கள். பைலட் லாட்டுக்கு 2.5 லட்சம் மட்டும் மீதி இருக்கிற நேரத்தில் கேட்க வேண்டியது அந்த 2.5 லட்சம் என்ன கொண்டுவரும் என்பதைத்தான்.

1.5 எச்.பி. மூடப்பட்டது.

7. அன்றைக்கே முடிவுப் பதிவை அனுப்புங்கள்

ஒரு பக்கம். ஐந்தில் எந்த முடிவு, எவ்வளவு ரூபாய்க்கு அனுமதி, அடுத்த கேட் எந்தத் தேதி, அடுத்த நிறுத்தக் கோடுகள், ஐந்து பேரின் கையெழுத்து. அடுத்த நாள் என்று தள்ளினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கூட்டம் நினைவிருக்கும்.

"நிபந்தனையோடு தொடரலாம்" என்பதுதான் மிகவும் ஆபத்தான முடிவு. நிபந்தனைக்குப் பொறுப்பாளர் பெயர், தேதி, நிறைவேறாவிட்டால் என்ன நடக்கும் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அது காற்றோடு போய்விடும். எங்கள் பைலட் லாட் கேட்டில் போட்ட நிபந்தனையை உதாரணமாகத் தருகிறேன்: "50 பம்பில் இரண்டுக்கு மேல் சீல் கசிந்தால், உற்பத்தி மேலாளர் அன்றே அசெம்பிளியை நிறுத்துவார், மறுபடி தொடங்கக் குழுவின் ஒப்புதல் வேண்டும்." இது காகிதத்தில் இருந்ததால் கசிந்த பம்ப் மூன்றானபோது யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, லைன் நின்றது.

பைலட் லாட் பற்றி இன்னொன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்காக வெளிச்சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் பம்ப், நிஜ டூலிங்கில் வார்த்து, நிஜ லைனில் கட்டியதாக இருக்கட்டும். ஓப்பன்வெல் பம்புக்கான தரம் ஐ.எஸ். 14220. நிறுவனத்திடம் ஏற்கெனவே உரிமம் இருந்தாலும் புதிய மாடலை அதில் சேர்க்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முத்திரை கைக்கு வராமல் வெளியீட்டுக் கேட்டுக்குத் தேதி குறிக்காதீர்கள். நாங்கள் குறித்துவிட்டு இரண்டு முறை தள்ளினோம்.

8. கேட்டுக்கு நடுவில் கோடு தாண்டினால் காத்திருக்காதீர்கள்

டூலிங் நடந்துகொண்டிருக்கும்போது செம்பு விலை ஏறலாம், மோல்டு ட்ரையல் தோற்கலாம். அடுத்த கேட் வரட்டும் என்று மூடிவைத்தால் அதற்குள் பணம் போய்விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுதந்திர எல்லை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் செலவில் 10 சதவீதம், காலத்தில் இரண்டு வாரம். அதற்குள் இருந்தால் நானே சமாளிப்பேன். தாண்டும் என்று தெரிந்த அன்றே, தாண்டும் வரை காத்திருக்காமல், ஒரு பக்கக் குறிப்பு குழுவுக்குப் போகும்: என்ன ஆனது, என்னென்ன வழி இருக்கிறது, எதைப் பரிந்துரைக்கிறேன். பிரின்ஸ்2 முறை படித்தவர்கள் இதை எக்செப்ஷன் ரிப்போர்ட் என்பார்கள்.

9. மூடச் சொன்னால், ஒழுங்காக மூடுங்கள்

"நிறுத்தம்" என்று கையெழுத்தான பிறகும் திட்டம் தானாக நிற்காது. எங்கள் 1.5 எச்.பி. மூடி ஒன்பது நாள் கழித்து ஒரு லாரியில் அதன் மோட்டாருக்கான ஸ்டாம்பிங் தகடுகள் வந்து இறங்கின. முன்மாதிரிக்காகத் திறந்த பி.ஓ.வை யாரும் மூடவில்லை.

அதனால் முதல் நாளே திறந்திருக்கிற பி.ஓ. எல்லாவற்றையும் கணினியில் பட்டியல் எடுத்து, சப்ளையர்களுக்கு எழுத்தில் ரத்து அனுப்புங்கள். செய்து முடித்த வேலைக்கு அவர்கள் கேட்கும் தொகையைப் பேசித் தீர்த்துவிடுங்கள். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது, அதையும் கேட் தாளிலேயே "மூடினால் ஆகும் செலவு" என்று காட்டியிருக்க வேண்டும், நான் காட்டவில்லை. மாதிரிக்காகக் காத்திருந்த டீலர்களுக்கு விற்பனைப் பிரிவு அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பிறகு கோப்பு. வரைபடங்கள், மூன்று முன்மாதிரியின் சோதனை அளவுகள், 14 டீலர்களின் தாள்கள், எந்த எண்ணால் நிறுத்தினோம், எது மாறினால் மறுபடி திறக்கலாம் என்ற குறிப்பு. எங்கள் கோப்பின் மேல் அட்டையில் "ஆண்டுக்கு 1,500 உறுதியானால் திறக்கவும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். மூன்று முன்மாதிரிகளும் எண் போட்டு சோதனைக்கூட அலமாரியில் இருக்கின்றன. வடிவமைத்த நண்பருக்கு 1 எச்.பி.யின் மோல்டு ட்ரையலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கூட்டம் முடிந்த அன்றே எழுத்தில் கொடுத்தோம்.